ஒரே ஒரு கிரெடிட்டுக்காக எழுதிய மனு

அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது செமஸ்டரின் நவம்பரில், கணிதத்தையும் இரண்டாவது மேஜராக, அதாவது இன்னொரு முதன்மைத் துறையாக, எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அது தாமதம்தான். பெரும்பாலானோர் இரண்டாம் ஆண்டிலேயே இதை முடித்துவிடுவார்கள். எனக்குக் கணிதத்தின்மேல் உண்மையான பிடிப்பு வந்ததே அந்த ஆண்டு லீனியர் ஆல்ஜீப்ரா படித்தபோதுதான்.

என் மனதில் முதலில் இருந்தது இரட்டைப் பட்டம். அட்வைசர் முதல் சந்திப்பிலேயே அதை விலக்கினார். இரண்டு மேஜர் என்றால் ஒரே பட்டம்; மொத்தம் 120 கிரெடிட்டும் இரண்டு துறைகளின் கட்டாயப் பாடங்களும் முடித்தால் போதும். இரண்டு தனித்தனிப் பட்டங்கள் என்றால், எங்கள் பல்கலைக்கழகத்தில் 30 கிரெடிட் கூடுதலாக, அதாவது 150 வேண்டும். எனக்கு அது இன்னொரு வருடக் கட்டணம். மைனர் என்கிற துணைப் பாடமாக எடுத்தால் சுலபம்தான், ஆனால் ரியல் அனாலிசிஸ் வரை போக வேண்டிய அவசியம் இருக்காது. நான் விரும்பியதே அந்தப் பாடத்தைத்தான்.

சரி, கணக்கைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். கையில் 70 கிரெடிட், மீதி மூன்று செமஸ்டர். கணிதத்தில் ஏழு பாடங்கள் பாக்கி, 21 கிரெடிட். பொருளாதாரத்தில் ஆறு, 18 கிரெடிட். இரண்டு மேஜருக்கும் பொதுவாக இரண்டு பாடங்களை மட்டும் எண்ணலாம் என்பது எங்கள் கல்லூரி விதி. நிகழ்தகவும் எகனாமெட்ரிக்ஸும் அப்படிப் பொருந்தின. எனவே 39இல் 6 போக 33. பொதுப் பாடங்களில் லேப் உள்ள ஓர் அறிவியல் பாடம், எழுத்துப் பயிற்சி, வேறு ஐந்து, ஆக 22. அதோடு வெளிநாட்டு மொழிக் கட்டாயம் 8. எல்லாம் சேர்த்து 63. ஒரு செமஸ்டருக்கு 18 கிரெடிட்தான் உச்சவரம்பு. மூன்று செமஸ்டருக்கு 54. ஆகவே நடக்காது.

இங்கேதான் எனக்குத் தமிழ் கைகொடுத்தது. பள்ளியில் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியைப் பாடமாகப் படித்தவர்களுக்கு மொழிக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு என்று விதிப் புத்தகத்தில் ஒரு மூலையில் இருந்தது. என் ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் முதல் வரியே தமிழ். அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் விலக்கு வந்தது. இந்த விலக்கால் கிரெடிட் எதுவும் கிடைக்காது, கட்டாயம் மட்டும்தான் நீங்கும். எனக்குத் தேவையானதும் அதுவே. 63 இப்போது 55 ஆனது. வரம்பு 54. ஒரே ஒரு கிரெடிட் அதிகம்.

ஒன்றுதானே, கேட்டால் கொடுப்பார்கள் என்று நம்பி, ஒரு செமஸ்டரில் மட்டும் 19 கிரெடிட் எடுக்க அனுமதி கேட்டு டீன் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். என் ஜிபிஏ 3.6, கணிதத்தின்மேல் எவ்வளவு ஆர்வம், எவ்வளவு உழைப்பேன் என்றெல்லாம் ஒரு பக்கம். அடுத்த வாரம் இரண்டு வரியில் மறுப்பு வந்தது: ஒரு பாடத்தை ஏன் கோடை விடுமுறையில் படிக்கக்கூடாது என்பதற்கு மனுவில் விளக்கம் இல்லை.

அன்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் திறமையை நிரூபித்தேன். அவர்கள் கேட்டதோ தேவை. ஜிபிஏ அவர்களுடைய கணினியிலேயே இருக்கிறது. அங்கே இல்லாதது என் அட்டவணை.

அப்புறம் அட்வைசருடன் உட்கார்ந்து மூன்று செமஸ்டருக்கும் பாடம் பாடமாக எழுதினோம். என் முதல் வரைவில் 19 கிரெடிட் ஏழாவது செமஸ்டரில் இருந்தது. அவர் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "அனாலிசிஸும் ஆல்ஜீப்ராவும் ஒரே நேரத்தில் வருகிற செமஸ்டர் இது. இங்கே ஒரு கிரெடிட்கூடக் கூட்டாதே" என்றார். அந்த இரண்டும் இலையுதிர் காலத்தில் மட்டுமே நடக்கும், அவற்றுக்கு முன் நிறுவல்முறைப் பாடம் ஒன்று முடித்திருக்க வேண்டும். ஆகவே அவற்றை நகர்த்த முடியாது. நகரக்கூடியது நான்கு கிரெடிட் லேப் பாடம். அதை ஆறாவது செமஸ்டருக்குக் கொண்டுவந்தோம்: நிறுவல்முறை, நிகழ்தகவு, பொருளாதாரத்தில் இரண்டு, எழுத்துப் பயிற்சி, லேப் பாடம். மொத்தம் 19. அடுத்த இரண்டு செமஸ்டரும் 18.

இரண்டாவது மனுவில் இந்த அட்டவணையை இணைத்தேன். எந்தப் பாடம் எதற்கு முன்தேவை, எது எந்தப் பருவத்தில் மட்டும் நடக்கிறது என்று பக்கத்திலேயே குறிப்பு. கோடை பற்றி ஒரு பத்தி: 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம், அதற்குமேல் கிரெடிட் கணக்கு. கோடையில் தொடக்கத்திலிருந்தே கிரெடிட் கணக்கு. எனவே கோடையில் படித்தால் குறைந்தது மூன்று கிரெடிட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், செமஸ்டரில் ஒன்றுக்கு மட்டும். வெளிநாட்டு மாணவருக்கு அந்த வித்தியாசம் சின்னதல்ல. நான்கே நாளில் அனுமதி வந்தது.

அனுமதி வந்த பிறகும் ஒரு கவனம் தேவைப்பட்டது. டீன் ஒப்புக்கொண்டாலும் பதிவாளர் அலுவலகம் வரம்பை உயர்த்தும் வரை கணினி 18ஐத் தாண்ட விடாது. அதுவரை காத்திருந்தால் இடங்கள் தீர்ந்துவிடும். அதனால் பதிவு திறந்த காலையிலேயே எழுத்துப் பயிற்சியைத் தவிர மற்ற ஐந்து பாடங்களிலும், 16 கிரெடிட்டுக்கு, இடம் பிடித்தேன். எழுத்துப் பயிற்சிக்குப் பல பிரிவுகள் இருந்தன, கடைசி வரை இடம் இருக்கும். வரம்பு உயர்ந்த அன்று அதைச் சேர்த்தேன்.

இன்னொன்று, பட்டத்துக்கான பாடங்களில் எவை முடிந்தன, எவை பாக்கி என்று கணினி காட்டும் பட்டத் தணிக்கை அறிக்கை. கணிதம் சேர்ந்த பிறகு அதைத் திறந்தால், நிகழ்தகவு கணிதத்துக்கு மட்டும் எண்ணப்பட்டு, பொருளாதாரத்தில் அந்த இடம் சிவப்பாக நின்றது. பொதுவாக எண்ணுவதற்கு அனுமதி இருந்தாலும், கணினி தானாகச் செய்யாது. துறையிலிருந்து ஒரு விதிவிலக்குப் படிவம் போக வேண்டும். பார்க்காமல் விட்டிருந்தால் கடைசி செமஸ்டரில்தான் தெரிந்திருக்கும், மூன்று கிரெடிட் குறைவாக.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் மேஜரை அறிவித்ததோடு நிறுத்திவிடக் கூடாது. துறைப் பதிவும், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவமும் வெவ்வேறு. சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நானே எழுதி, இரண்டாவது மேஜர் ஏறிய புதிய ஐ-20 வாங்கினேன். என் பொருளாதாரப் பட்டத்தின் குறியீடு 45.0601, அது ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதத் துறைகளின் பட்டியலில் இல்லை. கணிதம் 27.0101, அது இருக்கிறது. படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற பயிற்சிப் பணித் திட்டத்தில் 12 மாத வேலை அனுமதி எப்படியும் உண்டு. அதற்குமேல் ஸ்டெம் துறையினருக்கு மட்டும் கிடைக்கும் 24 மாத நீட்டிப்புக்கு, ஐ-20இல் உள்ள இரண்டாவது மேஜரும் அடிப்படையாகலாம், மைனர் ஆகாது. இரண்டு மேஜர் படித்தாலும் அந்த 12 மாதம் ஒரு தடவைதான்.

ஆறாவது செமஸ்டரில் வாரம் இரண்டு நாள் லேப் முடித்து இரவு எட்டு மணிக்கு விடுதி திரும்புவேன். எழுத்துப் பயிற்சிக் கட்டுரைகளை ஞாயிறு காலையில் மட்டும் எழுதினேன். நிறுவல்முறையில் முதல் தேர்வு சரியாகப் போகவில்லை. பாடத்திலிருந்து W குறியோடு விலகக் கடைசி நாளுக்கு முந்திய வாரம், லேப் பாடத்தை விட்டுச் சுமையைக் குறைக்கலாமா என்று கேட்க அட்வைசரிடம் போய் நின்றேன். லேப் பாடத்தை விட்டால் அது எட்டாவது செமஸ்டருக்குப் போய், அங்கே 22 ஆகிவிடும் என்று அட்டவணையைக் காட்டினார். விடவில்லை. நிறுவல்முறையில் B+ வந்தது, செப்டம்பரில் அனாலிசிஸ் வகுப்பில் உட்கார்ந்தேன்.