விற்பது ஆத்தூரில், நிற்பது நீடாமங்கலத்தில்: நேர்காணலுக்கு நான் கேள்வி தேடிய கதை

முதல் நேர்காணலின் கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்கள். "நிறுவனத்தின் எதிர்காலத் திட்டம் என்ன சார்?" என்று கேட்டேன். "அது எங்கள் இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறதே தம்பி" என்றார் அவர். வேலை கிடைக்கவில்லை. மன்னார்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பதில்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த அழைப்பு நெல் அறுவடை இயந்திரம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்கு வந்தது. நான்கு நாள் அவகாசம். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த எனக்கு இயந்திரம் புதிதல்ல. அந்த வியாபாரம்தான் புதிது.

முதல் நாள் அவர்களுடைய பிரசுரத்தையும் போட்டி நிறுவனங்களின் பிரசுரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இதில் ஒரு கவனம் வேண்டும்: ஒரே வகையை ஒரே வகையோடுதான் ஒப்பிட வேண்டும். டெல்டாவில் சம்பா அறுவடை தை, மாசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை போன பிறகும் வயல் சேறாகவே கிடக்கும், டயர் வண்டி இறங்கினால் புதைந்துவிடும். அதனால் இங்கே டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டிதான் பேச்சு. குபோட்டாவின் டிசி 68ஜி, கிளாஸின் கிராப் டைகர் என்று ஊர்ப்பக்கம் பெயர் சொல்லியே கேட்பார்கள். நான் முதலில் டயர் வண்டியின் குதிரைத்திறனைப் பெல்ட் வண்டியோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

ஒழுங்காக ஒப்பிட்டபோது பிரசுரங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாங்குகிறவர் வேறு எதைப் பார்த்து முடிவெடுக்கிறார் என்று தெரிய வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் நீடாமங்கலம் பக்கம் அறுவடை நடந்த வயலுக்குப் போனேன். வண்டி சேலம் மாவட்டத்து ஆத்தூரிலிருந்து வந்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்து, "எது உடைந்தால் அண்ணே உங்களுக்குக் கஷ்டம்?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "பிளேடு போனா நானே மாத்திக்குவேன் தம்பி. ஹைட்ராலிக், சென்சார்னா கம்பெனி ஆளு வரணும். மணிக்கணக்குக்கு வாடகை. ஒரு நாள் நின்னா வயக்காரர் வேற வண்டியக் கூப்பிட்டுடுவாரு." போட்டி நிறுவனம் ஒன்று சீசன் முழுக்க மெக்கானிக்கை மன்னார்குடியிலேயே தங்க வைத்திருப்பதாகவும் சொன்னார்.

எனக்கு விஷயம் அங்கேதான் பிடிபட்டது. இங்கே ஓடும் வண்டிகளில் பல சேலம், ஆத்தூர், பெரம்பலூர்க்காரர்களுடையவை. வண்டி விற்பது அங்கே, பழுதாகி நிற்பது இங்கே.

மூன்றாம் நாள் செய்தி. அந்த நிறுவனம் பங்குச்சந்தையில் இருப்பதால் ஆண்டறிக்கையும், முதலீட்டாளர் கூட்டத்தின் எழுத்து வடிவமும் `bseindia.com` தளத்தில் கிடைத்தன. நிர்வாகம் வாசிக்கும் அறிக்கையைவிட, அதற்குப் பிறகு வரும் கேள்வி பதிலைத்தான் நிதானமாகப் படித்தேன். ஆய்வாளர்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அங்கே ஏதோ இருக்கிறது. அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. விலை இறங்கினால் வண்டிகள் கூடும், அந்த அளவுக்கு மெக்கானிக் கூடுவார்களா என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் முழுக்க ஒரே கேள்வியைத் திருத்தினேன். முதலில் "உங்கள் சர்வீஸ் வசதி எப்படி இருக்கிறது?" என்று எழுதினேன். "நன்றாக இருக்கிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அடுத்து "போட்டியாளர் மெக்கானிக்கை இங்கேயே தங்க வைக்கிறாரே, நீங்கள் ஏன் செய்யவில்லை?" என்று எழுதினேன். அது குற்றம் சாட்டுவது போலிருந்தது. அவர்கள் செய்யவில்லை என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியாது. கண்ணால் பார்த்தது, படித்தது, வெளியிலிருந்து தெரிந்துகொள்ள முடியாதது, இந்த மூன்றையும் சேர்த்தபோது கேள்வி இப்படி நின்றது:

"சார், சம்பா சீசனில் திருவாரூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளில் பல சேலம் மாவட்ட டீலர் விற்றவை. வரி குறைந்த பிறகு வண்டிகள் இன்னும் கூடலாம். இங்கே பழுதானால் அது எந்த டீலரின் பொறுப்பில் வரும்? அந்த இரண்டு மாதத்துக்கு மெக்கானிக்கை எப்படிப் பிரித்து அனுப்புகிறீர்கள்?"

இதை மனிதவள அதிகாரியிடம் கேட்டுப் பயனில்லை. சர்வீஸ் மேலாளர் அறையில் இருக்கும்போது அவரைப் பார்த்துக் கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதுதான் வருடா வருடம் விற்ற டீலருக்கும் இங்கே இருக்கும் டீலருக்கும் நடுவே சண்டை என்றார். பத்து நிமிடம் விளக்கினார். பிறகு, "சரி, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார்.

கூர்மையான கேள்வி இப்படித் திரும்பி வரும். அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். தை பிறப்பதற்கு முன்பே நீடாமங்கலத்தில் ஒரு பட்டறையில் உதிரிபாகப் பெட்டி வைப்பேன், பிளேடு வேண்டாம், அதை ஓட்டுநர்களே வைத்திருக்கிறார்கள், ஹைட்ராலிக் ஹோஸும் சென்சாரும் போதும் என்றேன். "ஓட்டுநரே வைத்திருப்பார் என்று எப்படித் தெரியும்?" என்றார். வயலில் பேசியதைச் சொன்னேன்.