அத்தானின் மூன்று விரல்களும் ஒரு வீதமும்

அத்தான் திருகோணமலையில் ஒரு மர ஆலையில் வேலை செய்தவர். வட்ட வாளில் பலகை அறுக்கும்போது வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரல் கையில் இருக்கிறது, ஆனால் மடங்காது. இந்த மூன்றாவது விரல்தான் பிறகு எங்களை அலைய வைத்தது.

அக்கா முதலில் போனது கிராம சேவகரிடம். அவர் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினார். அங்கே சமூக சேவை உத்தியோகத்தர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது வேலை செய்யிற இடத்தில நடந்த விபத்து. எங்களிட்ட வாறதுக்கு முதல் நட்டஈட்டுக்குப் போங்கோ. இயலாமை வீதம் கேக்கிறது அவங்கள்தான்."

அதுவரை எங்களுக்கு நட்டஈடும் சமூக சேவை உதவியும் ஒன்றுதான். 'ஊனச் சான்றிதழ்' என்று ஒரு தாள் இருக்கிறது, அதை எடுத்தால் எல்லா இடத்துக்கும் காட்டலாம் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. எந்த உதவியைக் கேட்கிறோமோ அதற்கேற்றபடிதான் வைத்தியர் எழுத வேண்டும்.

வேலைத்தள விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. அதில் 'வீதம்' என்பது உடம்பு எவ்வளவு கெட்டது என்பதல்ல, உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது. விரல், கை, கண் போன்ற சில இழப்புகளுக்குச் சட்டத்தின் அட்டவணையே வீதத்தைச் சொல்லிவிடுகிறது. அட்டவணையில் இல்லாத காயம் என்றால் வைத்தியர் மதிப்பிட வேண்டும். ஒரே விபத்தில் பல காயங்கள் என்றால் வீதங்களைக் கூட்டுவார்கள், ஆனால் நூறைத் தாண்டாது.

காயம் ஆறுவதற்கு முன் போய்ப் பயனில்லை. தையல் பிரித்து, பயிற்சிச் சிகிச்சையும் முடிந்து, 'இனி இதற்கு மேல் தேறாது' என்ற நிலை வந்தபிறகுதான் நிரந்தர இழப்பை எழுதுவார்கள். நாங்கள் அவசரப்பட்டு முன்னரே போய், ஒரு நாள் லீவையும் பஸ் காசையும் வீணாக்கினோம். சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும்போது நோய்நிர்ணய அட்டை, எக்ஸ்ரே, தேசிய அடையாள அட்டை, வேலைத்தளத்தின் விபத்து அறிக்கை எல்லாவற்றையும் கொண்டுபோனோம். சம்பளச் சீட்டு வைத்தியருக்கு வேண்டாம், ஆனால் நட்டஈட்டுக் கணக்கே அதில்தான் தொடங்குகிறது. முதலாளி கையில் காசாகக் கொடுத்துவந்த வேலையென்றால், அந்தச் சீட்டு இல்லாமல்தான் பலரும் திண்டாடுகிறார்கள்.

முதல் அறிக்கை வந்தது. இரண்டு விரல்கள் இழப்பு என்று மட்டும் இருந்தது. மோதிர விரலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முழுதாகத் தெரிகிறது, பார்த்தவருக்கு அது நல்ல விரல்தான். அக்காதான் பிடித்தாள்: "அந்த விரலால ஒரு கோப்பைகூடப் பிடிக்க ஏலாதே, அதை ஏன் எழுதேல்ல?"

பயன்பாடு முழுவதும் நிரந்தரமாகப் போன உறுப்பு, வெட்டுப்பட்ட உறுப்புக்குச் சமம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் திரும்பிப் போனோம். இந்த முறை அத்தானைக் கதிரையில் இருத்தி, பேனையைப் பிடிக்கச் சொன்னார்கள், விரலை மடக்கச் சொன்னார்கள். 'மூட்டு அசைவில்லை, பிடிமானத்துக்கு உதவாது' என்று எழுத்தில் வந்தது, வீதமும் கூடியது. கொஞ்சம் அசைகிற விரலாக இருந்திருந்தால் இந்த வாதம் நின்றிருக்காது.

அந்த வீதம் காசாவது இப்படி. முழு நிரந்தர இழப்புக்கு எவ்வளவு என்பதைச் சம்பளத்துக்கேற்ப சட்டம் நிர்ணயிக்கிறது. கணக்கு விளங்குவதற்காக அது பத்து இலட்சம் என்று வைப்போம். வீதம் 15 என்றால் ஒன்றரை இலட்சம், 20 என்றால் இரண்டு இலட்சம். விடுபட்ட ஒரு விரல் ஐம்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். அறிக்கையை வாசிக்காமல் உறையில் போட்டு அனுப்புகிறவர்களை இப்போது பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பம் போய்விட்டது. அத்தானுக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது: இதே தாளைக் காட்டி சேமலாப நிதியை எடுத்துவிடலாம். அது நடக்கவில்லை. வயது வருமுன் உடல்நிலையைக் காட்டி அதை எடுக்க, எந்த வேலையும் செய்ய இயலாத நிரந்தர முழு இயலாமை வேண்டும். பகுதி வீதம் அங்கே செல்லாது.

பிரதேச செயலகத்துக்கும் திரும்பப் போனோம். மாற்றுத்திறனாளிகளுக்கென்று 2025 ஏப்ரலில் பத்தாயிரமாகக் கூட்டப்பட்ட மாதாந்தக் கொடுப்பனவுக்கு, அரச வைத்தியரின் சான்றோடு வீட்டு வருமானத்தையும் பார்க்கிறார்கள். நாங்கள் பெருமையாக நீட்டிய வீதத்தாளை உத்தியோகத்தர் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும், வீட்டில உழைக்கிறது ஆர்?" என்று கேட்டார். அக்கா தைக்கிற காசைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.