x²-இலிருந்து π²/6 வரை

1 + 1/4 + 1/9 + 1/16 + … என்று வர்க்கங்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போனால் π²/6 கிடைக்கும் என்பதை வெறும் விடையாக மட்டுமே பல காலம் அறிந்திருந்தேன். முழு எண்கள் மட்டுமே இருக்கும் தொடருக்குள் வட்டத்தின் எண் எப்படி நுழைந்தது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. 1650-இல் மெங்கோலி எழுப்பிய கேள்வி இது. ஆய்லர்தான் 1730-களில் விடை கண்டார். அவர் சைன் சார்பை முடிவிலாப் பெருக்கமாக எழுதிய துணிச்சல் அழகானது, ஆனால் அதை நியாயப்படுத்தத் தனி உழைப்பு வேண்டும். ஒவ்வோர் அடியையும் நானே கையால் சரிபார்க்கும் வழி வேண்டும் என்று ஃபூரியர் தொடரை எடுத்தேன்.

எளிய சார்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது f(x) = x. −π முதல் π வரை அதை விரித்தால் இப்படி வரும்:

x = 2( sin x − sin 2x/2 + sin 3x/3 − … )

இதில் x = π/2 என்று வைத்தால் 1 − 1/3 + 1/5 − … = π/4 கிடைக்கிறது. நல்ல விளைச்சல்தான், ஆனால் பகுதியில் வர்க்கம் இல்லை. x = π என்று வைத்தாலோ எல்லா உறுப்புகளும் பூச்சியமாகின்றன; இடப்பக்கம் π நிற்கிறது. இதில் முரண் ஏதும் இல்லை. 2π நீளத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்படி இந்தக் கோட்டை நீட்டினால், π-இல் அது π என்ற உயரத்திலிருந்து −π-க்கு விழுகிறது. தாவல் உள்ள இடத்தில் ஃபூரியர் தொடர் இரு பக்க மதிப்புகளின் சராசரியைத் தருகிறது, இங்கே அது 0.

ஆகவே எனக்குத் தேவைப்பட்ட சார்பு இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்: கெழுக்களில் n² பகுதியாக வர வேண்டும், π-இல் தாவல் இருக்கக் கூடாது. f(x) = x² இரண்டுக்கும் பொருந்துகிறது. (−π)²-உம் π²-உம் ஒன்றே என்பதால், நீட்டிய வளைவு π-இல் கூர்முனையாக நிற்கிறதே தவிர அறுபடவில்லை. இரட்டைச் சார்பு என்பதால் கொசைன் உறுப்புகள் மட்டும் போதும்.

மாறிலி உறுப்பு x²-இன் சராசரி, அதாவது π²/3. மற்ற கெழுக்களுக்கு 0 முதல் π வரை x² cos nx-ஐத் தொகையிட வேண்டும். பகுதித் தொகையிடலின் முதல் சுற்றில் வரும் x² sin nx/n இரு முனைகளிலும் பூச்சியம். எஞ்சுவது −(2/n)∫x sin nx dx. இரண்டாம் சுற்றில் அந்தத் தொகையீடு −π(−1)ⁿ/n ஆகிறது. ஆக மொத்தம் 2π(−1)ⁿ/n². அதை 2/π-ஆல் பெருக்கினால் கெழு 4(−1)ⁿ/n².

x² = π²/3 + 4 Σ (−1)ⁿ cos nx / n²

x = π என்று வைத்தால் cos nπ = (−1)ⁿ. இரண்டு (−1)ⁿ பெருகி 1 ஆகின்றன, எல்லா உறுப்புகளும் நேர்க்குறி பெறுகின்றன. தேடும் கூடுதலை S என்றால் π² = π²/3 + 4S, எனவே S = π²/6. இந்த வரியை எழுதியபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

π-இல் சமக்குறி போட என்ன உரிமை என்று கேட்க வேண்டும். Σ1/n² முடிவுள்ள எண் என்பதால் இந்தத் தொடர் எல்லா x-க்கும் சீராக ஒருங்குகிறது. எனவே அதன் கூடுதல் ஒரு தொடர்ச்சியான சார்பு. அதன் கெழுக்களும் x²-இன் கெழுக்களே. ஒரே கெழுக்கள் உள்ள இரண்டு தொடர்ச்சியான சார்புகள் வேறுபட முடியாது.

இடைவெளியை மாற்றிப் பார்த்தால் இதன் அருமை புரியும். x²-ஐ 0 முதல் 2π வரை எடுத்தால் மாறிலி 4π²/3, கொசைன் கெழு 4/n², கூடவே சைன் உறுப்புகளும் உண்டு. x = 0-இல் சைன்கள் மறையும். அங்கே சார்பின் மதிப்பு 0 என்று போட்டால் S = −π²/3 என வருகிறது. நேர் எண்களைக் கூட்டி எதிர்மறை விடை வந்ததே தவறைக் காட்டிவிடுகிறது. அங்கே 4π²-இலிருந்து 0-க்குத் தாவல் இருப்பதால் போட வேண்டியது சராசரியான 2π². போட்டால் அதே π²/6.

எண்ணாலும் சரிபார்த்தேன். π²/6 என்பது 1.644934. முதல் பத்து உறுப்புகளின் கூடுதல் 1.549768 மட்டுமே, ஏனெனில் N உறுப்புகளுக்குப் பின் எஞ்சும் வால் ஏறத்தாழ 1/N. அந்த வாலுக்கு 1/10.5-ஐச் சேர்த்தால் 1.645006.

அடுத்து x⁴-ஐ விரித்தேன்; Σ1/n⁴ = π⁴/90 வந்தது. x³ மட்டும் இடம் கொடுக்கவில்லை. அது ஒற்றைச் சார்பு, வருவதெல்லாம் சைன், π-இல் அனைத்தும் பூச்சியம். π/2-இல் 1 − 1/27 + 1/125 − … = π³/32 கிடைக்கிறது, ஆனால் எல்லா n-க்குமான Σ1/n³ கிடைப்பதில்லை. அது விகிதமுறா எண் என்று 1978-இல் அப்பெரி காட்டினார். π-ஐக் கொண்டு அதை எழுதும் சூத்திரம் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.