சுவிசில் இருக்கும் கணவருக்கு அழைப்பாணை: பதிலே வராவிட்டால் என்ன நடக்கும்

கிளிநொச்சியில் இருக்கும் மனைவி விவாகரத்துக் கேட்கிறார், கணவர் சூரிச்சில். வன்னியில் இப்படி எத்தனையோ குடும்பங்கள். மனைவி தான் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், அதற்காகக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. உள்ளூர் எதிராளிக்கு அழைப்பாணை பதிவுத் தபாலில் போகும். அதே பழக்கத்தில் சூரிச்சுக்கும் தபாலில் அனுப்பினால் வழக்கு அங்கேயே சறுக்கத் தொடங்கிவிடும்.

வெளிநாட்டுக்கு நீதிமன்ற ஆவணம் அனுப்புவதற்கு 1965ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் இருக்கிறது. இலங்கையும் சுவிசும் அதில் உறுப்பு நாடுகள். வேற்று நாட்டு அழைப்பாணை தன் எல்லைக்குள் நேரே தபாலில் வருவதைச் சுவிஸ் ஏற்பதில்லை. ஆகவே நீதிமன்றம் நீதி அமைச்சுக்கு அனுப்ப, அமைச்சு சூரிச் மாநில அதிகாரசபைக்கு அனுப்பும். வேண்டுகைப் படிவமும் ஆவணங்களும் இரண்டு பிரதிகளாகப் போக வேண்டும்.

அதிகம் பிழைக்கிற இடம் மொழி. நம்முடைய வழக்குரை தமிழில் இருக்கும். கணவர் தானாக விரும்பி வாங்கிக்கொண்டால் சரி. அவர் வாங்க மறுத்தால், சூரிச்சில் ஜேர்மன் மொழிபெயர்ப்பு இல்லாமல் அதைச் சட்டப்படி சேர்ப்பிக்க முடியாது, ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தாலும் போதாது. பிரெஞ்சு பேசும் ஜெனீவா என்றால் பிரெஞ்சு வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் அனுப்புகிறார்கள். பல மாதம் கழித்து ‘மறுத்துவிட்டார்’ என்ற குறிப்போடு கட்டு திரும்பி வரும். முதல் நாளே ஜேர்மன் மொழிபெயர்ப்பைச் சேர்த்துவிட்டால் அந்தச் சாக்கே எடுபடாது.

அடுத்தது பெயரும் விலாசமும். சுவிசில் கதவடித் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயருக்குத்தான் கடிதம் வரும். விவாகப் பதிவில் தகப்பன் பெயர் முன்னே இருக்கும், அங்குள்ள அட்டையில் அதே பெயர் குடும்பப் பெயராக வேறு எழுத்தில் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்தையே வழக்குரையிலும் போடுங்கள். தெரு, வீட்டிலக்கம், நான்கு இலக்கத் தபால் எண் மூன்றும் வேண்டும். விலாசமே தெரியாவிட்டால் ஹேக் வழி பொருந்தாது. அப்போது பத்திரிகை அறிவித்தல் போன்ற பதிலீட்டுச் சேர்ப்பித்தலுக்கு நீதிமன்றத்திடம் கட்டளை கேட்க வேண்டும். விலாசம் தெரிந்திருந்தும் தெரியாது என்று சத்தியக்கடதாசி கொடுப்பது பெரிய தப்பு. பின்னால் அந்த ஒரு வரியைப் பிடித்தே தீர்ப்பாணையை உடைக்கலாம்.

அழைப்பாணையில் குறிக்கும் தவணையும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் தவணை போட்டால் கணவர் கையில் கிடைக்கும்போது அந்த நாளே கடந்திருக்கும், திரும்ப அழைப்பாணை எடுக்க வேண்டிவரும். குறைந்தது ஆறு மாதம் தள்ளிக் கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

சேர்ப்பித்த பின் சூரிச்சிலிருந்து ஒரு சான்றிதழ் வரும். எந்த நாளில், எந்த இடத்தில், எந்த முறையில், யாரிடம் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். கொடுக்க முடியாவிட்டால் காரணம் இருக்கும். வழக்கின் உயிர் இந்த ஒரு தாளில்தான். ‘வட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல ரிக் விழுந்தது’ என்பது இதற்கு ஈடாகாது.

தவணை நாளில் கணவரும் வரவில்லை, அவருக்காகச் சட்டத்தரணியும் இல்லை, மறுமொழியும் இல்லை என்றால் வழக்கு ஒருதலைப்பட்ச விசாரணைக்குப் போகும். அவர் பேசாமல் இருப்பதால் விவாகரத்துத் தானாகக் கிடைத்துவிடாது. கெட்ட நோக்குடன் கைவிட்டார் என்று சொன்னால் அதை மனைவி நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பது மட்டும் கைவிடுதல் ஆகாது, உழைக்கப் போனவரும் அங்கேதான் இருக்கிறார். எந்த மாதத்தோடு காசு நின்றது, எப்போது பேச்சு நின்றது, தன்னை எடுப்பிக்கச் சொல்லிக் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பவைதான் பேசும். வங்கிப் புத்தகத்தையும் பழைய செய்திகளையும் நாள் வரிசையில் வைத்திருங்கள்.

நிரூபித்தால் முதலில் இடைக்காலத் தீர்ப்பாணை. அது முடிவானதாக ஆகக் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். அதோடு, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையின் பிரதியையும் கணவருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அதாவது அமைச்சு, சூரிச், மொழிபெயர்ப்பு என்று அதே பயணம் இரண்டாம் முறை. பலர் இதை எதிர்பார்க்காமல் மனம் உடைந்துபோகிறார்கள். பிரதி கிடைத்து 14 நாளுக்குள், தான் வராமல் போனதற்கு நியாயமான காரணம் காட்டி, அதை நீக்கச் சொல்லிக் கணவர் கேட்கலாம். முதல் சேர்ப்பித்தல் ஒழுங்காக நடந்து சான்றிதழும் கோவையில் இருந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் நிற்காது.

சேர்ப்பித்த சான்றிதழ்களின் அத்தாட்சிப் பிரதியை முடிவான தீர்ப்பாணையோடு சேர்த்து எடுத்து வையுங்கள். எதிர்த்தரப்புக்கு முறையாக அழைப்பாணை போகாத விவாகரத்தைச் சுவிஸ் ஏற்க மறுக்கலாம். நாளை மறுமணம் செய்து அங்கே போகும் நிலை வந்தால், கேட்கப்படும் முதல் தாள்களில் அதுவும் ஒன்று.