பையரின் கைப்பேசியில் நம் மெயில்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன், அதாவது பையர் என்று நாங்கள் அழைக்கும் வெளிநாட்டு வாங்குநர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் பிரிவு. எங்கள் வேலையில் பாதி, மெயில் எழுதுவது. மீதிப் பாதி, வந்த பதிலுக்கு என்ன பொருள் என்று மண்டையை உடைத்துக்கொள்வது. புதிதாகச் சேருகிறவர்கள் பையருக்கு எழுதும் மெயில்கள் முதல் சில மாதங்களுக்கு என் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். அவற்றைக் கணினியில் படிப்பதில்லை. எனக்கு அனுப்பச் சொல்லி, கைப்பேசியில் திறந்து படிக்கிறேன். பையர்களின் பதில்களின் அடியில் ‘ஐபோனிலிருந்து அனுப்பப்பட்டது’ என்ற வரியைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் இது. நாம் அகலத் திரையில் அழகாக அமைத்து அனுப்புவதை அவர்கள் ரயிலிலோ, இரண்டு கூட்டங்களுக்கு நடுவே படிக்கட்டிலோ நின்று படிக்கிறார்கள்.

கணினியில் ஆறு வரியாகத் தெரியும் ஆங்கிலப் பத்தி, கைப்பேசியில் பதினைந்து வரியைத் தாண்டிவிடும். ஒரு வரியில் ஏறக்குறைய நாற்பது எழுத்துகளே பிடிக்கும் என்பதால் வரும் விளைவு. மேலே நிறுவனத்தின் பெயர், பெறுநர் விவரம், வணக்கம் எல்லாம் இடத்தை எடுத்துக்கொண்ட பிறகு முதல் பார்வைக்கு மிஞ்சுவது அந்தப் பத்தியின் முற்பாதிதான். நம் ஊர் வழக்கப்படி முற்பாதியில் நன்றியும் நலமும் பின்னணியும் இருக்கும். கேள்வி கடைசி வரியில் இருக்கும்.

ஒரு லேப் டிப் விவகாரத்தைச் சொல்கிறேன். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: பையர் கேட்ட நிறத்தைச் சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் சிறு துண்டுத் துணிகளில் போட்டு, நிறம் சற்றே மாறுபடும் மூன்று துண்டுகளை ஏ, பி, சி என்று அட்டையில் ஒட்டி அனுப்புவோம். அதில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்த பிறகுதான் மொத்தத் துணிக்கும் சாயம் ஏறும். அதுவரை துணி சாயமேறாமல் பட்டறையில் கிடக்கும்.

எங்கள் பிரிவில் இருந்த ஒரு பையன் ஜெர்மனியிலிருக்கும் பையருக்கு எழுதிய மெயில் ஒரே பத்தி. நேவி நிற லேப் டிப் கூரியரில் கிடைத்திருக்கும் என்று நம்புவதாகத் தொடங்கி, பட்டறையில் எந்தெந்த விளக்கொளியில் நிறம் ஒப்பிடப்பட்டது என்பதை விளக்கி, மூன்றில் ‘பி’ நெருக்கமாக இருப்பதாகத் தாங்கள் கருதுவதைச் சொல்லி, இடையில் கழுத்து லேபிளை அரை அங்குலம் கீழே இறக்கலாமா என்று கேட்டு, நூல் வரத் தாமதமானதால் சரக்கு அனுப்பும் தேதியை ஒரு வாரம் தள்ளித் தர முடியுமா என்று வேண்டி, நல்ல பதிலை எதிர்பார்ப்பதாக முடிந்தது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. மரியாதைக்கும் குறைவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது: ‘சரி, செய்யுங்கள்.’

எது சரி? ‘பி’யா, லேபிளா, ஒரு வாரமா? பையன் மூன்றுக்கும் சேர்த்துத்தான் என்றான். பட்டறை மேலாளர் எழுத்தில் ‘பி’ என்று வராமல் சாயம் போட மாட்டேன் என்றார். அவர் சொன்னதுதான் நியாயம், நிறம் தவறினால் துணி அவர் தலையில் விழும். திரும்பக் கேட்பதற்குள் அங்கே வார விடுமுறை தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் வந்த விளக்கத்தில், அவர் சரி என்றது லேபிளுக்கு மட்டும் என்று தெரிந்தது. நிறத்தை இன்னும் பார்க்கவே இல்லை, கூரியர் பெட்டி வரவேற்பறையில் கிடந்திருக்கிறது. தேதி தள்ளும் விஷயம் அவர் கண்ணிலேயே பட்டிருக்கவில்லை. அதற்குள் பட்டறையில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த இயந்திரத்தில் வேறொருவரின் துணி ஏறிவிட்டது.

பையர் அலட்சியக்காரர் இல்லை. கைப்பேசியில் பதில் எழுதும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தால் விளங்கும். பதில் பொத்தானைத் தொட்டதும் விசைப்பலகை மேலெழுந்து திரையில் ஏறக்குறைய பாதியை மூடுகிறது. மூல மெயில் கீழே ஒளிந்துவிடுகிறது. மூன்று கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பதில் தட்டுகிறவர் அபூர்வம். கடைசியாகவோ எளிதாகவோ கண்ணில் பட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வரும். அந்த ஒரு சொல் எந்தக் கேள்விக்குப் போனாலும் பொருந்துகிற மாதிரி நாம் எழுதியிருந்தால், குழப்பத்தை நாமே தயாரித்துக் கொடுத்ததாக ஆகிறது.

அந்த மெயிலை நானும் அவனும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். தலைப்பு: ‘நேவி லேப் டிப்: ஏ, பி, சி எது? வியாழனுக்குள்’. உள்ளே:

> வணக்கம்.
>
> நேவி நிறத்துக்கு ஏ, பி, சி மூன்றில் எது என்று வியாழக்கிழமைக்குள் சொல்ல முடியுமா? ஓர் எழுத்து போதும்.
>
> எங்கள் தேர்வு ‘பி’.
>
> அட்டை செவ்வாயன்று உங்கள் அலுவலக வரவேற்பறையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.
>
> வெள்ளிக்கிழமை காலை சாயம் தொடங்க இந்த முடிவு தேவை.

அவ்வளவுதான். விளக்கொளி விவரம் அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது, மெயிலில் அது எதற்கு? அவன் தயங்கினான். “இவ்வளவு சுருக்கினால் மரியாதையாக இருக்குமா மேடம்?” இந்தக் கேள்வி எல்லோரிடமிருந்தும் வருகிறது. மரியாதை ‘முடியுமா’வில் இருக்கிறது, ‘ஓர் எழுத்து போதும்’ என்பதிலும் இருக்கிறது. அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்ளாததைவிடப் பெரிய மரியாதையை எந்த வணக்க வாசகமும் செய்துவிடாது என்பது என் கட்சி. பழைய மேலாளர்கள் சிலர் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை.

தலைப்பில் எழுத்து எண்ணிக்கையைப் பார்க்கக் காரணம் உண்டு. கைப்பேசியின் மெயில் பட்டியலில் தலைப்பின் முதல் முப்பது, நாற்பது எழுத்துகளே தெரியும். பல கைகள் மாறிய மெயிலில் Re:, Fwd: என்று முன்னால் சேர்ந்து அதிலும் கொஞ்சம் போய்விடும். அதற்கு மேல் ஆர்டர் எண்ணையும் ஸ்டைல் எண்ணையும் முன்னால் வைத்தால் கேள்வி வெளியே தள்ளப்படும். எண்கள் தேவைதான், தேடும்போது அவைதான் கைகொடுக்கும். அதனால் அவற்றைத் தலைப்பின் வாலில் வைக்கச் சொல்கிறேன். தலைப்புக்குக் கீழே மங்கலாக மெயிலின் முதல் வரி தெரியும். ‘இந்த மெயில் உங்களை நலமுடன் சந்திக்கும் என்று நம்புகிறோம்’ அந்த இடத்தைத் தின்றால், திறக்கச் சொல்லும் வாய்ப்பு வீணாகிறது.

மற்ற இரண்டு கேள்விகளை என்ன செய்தோம்? ஒரு மெயிலில் ஒரு கேள்வி என்று சொன்னதும் சிலர் கேள்விக்கு ஒன்றாகக் காலையிலேயே ஐந்து மெயில் அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் தொல்லை. யார் பதில் சொல்வார், எப்போதைக்குள் வேண்டும் என்ற இரண்டையும் வைத்துத்தான் பிரிக்கிறோம். தேதி தள்ளுவதைப் பையர் தன் மேலதிகாரியிடம் கேட்டாக வேண்டும், அது தனி மெயில். லேபிளை அங்குள்ள டெக்னீஷியன் முடிவு செய்வார், அதுவும் தனி, அவருக்கே. ஒரே ஆள் ஒரே நாளில் சொல்லக்கூடிய மூன்று நிறங்களின் லேப் டிப் என்றால் ஒரே மெயிலில், 1, 2, 3 என்று எண் போட்டு, ஒவ்வொன்றும் தனி வரியில். ‘1பி 2ஏ 3சி’ என்று கட்டைவிரலால் பதில் வந்துவிடும்.

இடைவெளி விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் அதிகம் கெடுவது அங்கேதான். தட்டச்சுப் பள்ளியில் பழகிவந்த ஒரு பெண், கணினித் திரையில் வரி எங்கே முடிவதாகத் தோன்றுகிறதோ அங்கே எண்டர் தட்டிவிடுவாள். அவள் திரையில் எல்லா வரியும் ஒரே நீளத்தில் நிற்கும். கைப்பேசியில் அந்த வரி கொள்ளாமல் மடங்கும். மடங்கிய துண்டில் இரண்டு சொல் மட்டும் தனியாக நிற்க, அதற்குப் பிறகு அவள் போட்ட எண்டரால் அடுத்த வரி புதிதாகத் தொடங்கும். நீளமும் குட்டையுமாகப் பல் போன சீப்பு மாதிரி ஒரு மெயில். பத்திக்குள் எண்டரைத் தொடவே வேண்டாம் என்றேன். பத்திக்கும் பத்திக்கும் நடுவே ஒரு காலி வரி, அதாவது எண்டர் இரண்டு முறை. ஜிமெயிலில் ஒருமுறை தட்டினால் வரி மாறுமே தவிர இடைவெளி விழாது. அவுட்லுக்கிலும் பெரும்பாலும் அப்படித்தான். வேர்டில் தட்டி ஒட்டினால் அங்கே தெரிந்த இடைவெளி இங்கேயும் அப்படியே வரும் என்று நம்ப முடியாது.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நெடுவரிசை அமைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்துரு மாறியதும் அளவும் எண்ணிக்கையும் ஒன்றன்கீழ் ஒன்று நிற்காமல் சிதறிவிடும். எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டுவது இன்னொரு வகை: பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் அகலமுள்ள அட்டவணை கைப்பேசியில் எறும்பு எழுத்தாகச் சுருங்கும், அல்லது பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். சுருங்கும்போது சில செயலிகளில் மேலே இருக்கும் எழுத்தும் சேர்ந்து சுருங்கிவிடுகிறது. அளவு வாரியான எண்ணிக்கை என்றால் ‘எம்: 1,200’ என்று ஒரு வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும். முழு அட்டவணையை இணைப்பில் வைத்து, அதில் அவர் பார்க்க வேண்டிய ஒரே கட்டம் எது என்பதை மெயிலில் சொல்லிவிடுகிறோம்.

‘என் பதில்கள் கீழே சிவப்பில்’ என்று எழுதுவதையும் நிறுத்தியிருக்கிறோம். கைப்பேசியில் பழைய மெயில் பெரும்பாலும் மூன்று புள்ளிக்குள் மடங்கிக் கிடக்கும். திறந்தாலும், இருள் பின்னணி வைத்திருக்கிறவர் திரையில் நிறங்கள் மாறித் தெரியும். பதிலை மேலேயே எண் போட்டு எழுதிவிடுவது மேல்.

எல்லா மெயிலையும் இப்படிக் குறுக்க முடியாது. அளவு பொருந்துகிறதா என்று பார்க்கத் தைத்து அனுப்பும் ஃபிட் சாம்பிளுக்கு வரும் திருத்தங்கள், தரப் புகார், பணம் பிடித்தம் பற்றிய வாதம் எல்லாம் நீளம் கேட்பவை, பின்னாளில் ஆதாரமாகவும் நிற்க வேண்டியவை. அங்கே நாங்கள் செய்வது, முதல் இரண்டு வரியில் என்ன முடிவு வேண்டும் என்று சொல்லி, விவரத்தைக் குறுந்தலைப்புகளோடு கீழே வைப்பது. கைப்பேசியில் படிப்பவர், ‘இது மேசைக்குப் போய்ப் பார்க்க வேண்டியது’ என்று தெரிந்துகொண்டாலே போதும்.

என்னால் இன்னும் வெல்ல முடியாதது கையொப்பம். நான்கு வரி மெயிலுக்குக் கீழே நிறுவன முத்திரை, மூன்று தொலைபேசி எண்கள், சான்றிதழ்ச் சின்னங்கள், ‘இம்மெயில் ரகசியமானது’ என்று தொடங்கும் சட்ட வாசகம். தொடர் பதில்களில் அது ஒவ்வொரு முறையும் திரும்ப வந்து அடுக்கிக்கொள்கிறது. பதில்களுக்கு மட்டுமாவது பெயரும் ஒரு எண்ணும் போதும் என்று நிர்வாகத்தில் கேட்டேன். முத்திரையைச் சிறிதாக்கச் சம்மதித்தார்கள், சட்ட வாசகத்தைத் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள்.