வருமானக் கேள்வியில் விழும் காலி இடங்கள்

குடும்ப சர்வேக்களில் எந்தக் கேள்விக்குப் பதில் வராமல் போகும் என்று கேட்டால், நான் பார்த்த வரையில் முதலில் வருவது மாத வருமானம்தான். வீட்டில் எத்தனை பேர், யார் என்ன படிக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்வார்கள். வருமானம் என்றதும் பேச்சு நின்றுவிடும். அந்தக் காலி இடத்தை என்ன செய்வது என்பது என் மேசைக்கு வரும் வேலை. அட்டவணையில் அந்த வீட்டின் வரியையே நீக்குவதா, ஏதாவது எண்ணைப் போட்டு நிரப்புவதா?

இரண்டையும் பேசுவதற்கு முன், அது எதனால் காலி என்று பார்க்க வேண்டும். எங்கள் டேப்லெட் படிவத்தில் 98 என்றால் ‘தெரியாது’, 99 என்றால் ‘சொல்ல மறுத்தார்’. எக்செல் கோப்பாக வெளியே எடுக்கும்போது பல இடங்களில் இரண்டையும் சேர்த்து வெற்றாக்கிவிடுகிறார்கள். அங்கேயே பாதித் தகவல் போய்விடுகிறது. களத்துக்குப் போய் வந்த மேற்பார்வையாளர் அம்மா ஒருவர் எனக்கு இதை விளக்கினார்: “சார், பூக்கட்டுறவங்க, கொத்து வேலைக்குப் போறவங்க மறைக்கல. ஒரு நாள் வேலை இருக்கு, ஒரு நாள் இல்ல, மாசக் கணக்கு அவங்ககிட்ட கிடையாது. மாடி வீட்டுக்காரங்கதான் சொல்ல மாட்டேங்கறாங்க. சொன்னா உரிமைத் தொகை நின்னு போயிடுமோன்னு பயம்.” கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருப்பதால், இந்தப் பயத்தில் ஆச்சரியமில்லை. ஆக, 98-இல் இருப்பவர்கள் பெரும்பாலும் கீழே, 99-இல் இருப்பவர்கள் பெரும்பாலும் மேலே. இரண்டையும் ஒரே காலியாகப் பார்த்தால் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு காரணங்கள் கண்ணில் படாமலே போகும்.

இன்னொரு வகைக் காலியும் உண்டு. நிலம் இல்லாத வீட்டில் விளைச்சல் கேள்வி கேட்கப்படவே இல்லை. அது விடுபட்ட தரவே அல்ல. அதையும் சேர்த்து நிரப்பினால் நிலமே இல்லாதவர் மூட்டை மூட்டையாக நெல் அறுப்பார்.

எண்ணோடு பார்த்தால் தெளிவாகும். கணக்குக்காக முழு எண்களாகவே வைத்துக்கொள்வோம். 1,000 வீடுகள்: கிராமம் 600, நகரம் 400. 98, 99 குறியீடுகளைத் தனி நெடுவரிசையில் காப்பாற்றி வைத்துவிட்டு, வருமான நெடுவரிசையில் அந்த இடங்களை வெற்றாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு முதலில் செய்ய வேண்டியது, காலியா இல்லையா என்பதையே ஒரு நெடுவரிசையாக்கி மற்ற நெடுவரிசைகளோடு ஒப்பிடுவது. R என்ற புள்ளியியல் மென்பொருளில் இப்படி:

```r
d$inc_miss <- is.na(d$income)
prop.table(table(d$area, d$inc_miss), 1)
```

கிராமத்தில் 10 சதவீதம் காலி, நகரத்தில் 30 சதவீதம் காலி என்று வருகிறது. பதில் சொன்னவர்களின் சராசரி கிராமத்தில் 14,000 ரூபாய், நகரத்தில் 26,000. காலி வரிகளை நீக்கினால் மீதி 820 வீடுகள், மொத்தச் சராசரி சுமார் 18,100. நகர வீடுகள் அதிகம் கழன்றுபோனதால் கிராமத்தின் எடை கூடிவிட்டது. இப்போது காலியான ஒவ்வொரு வீட்டையும் அந்தந்தப் பகுதியின் சராசரியை ஒட்டி நிரப்பினால் 18,800. எழுநூறு ரூபாய் வித்தியாசம். நீக்குவது எதையும் சேர்க்காததால் நேர்மையான வழி என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீக்கும்போது, போன 180 வீடுகளும் இருக்கிற 820 வீடுகளைப் போலவேதான் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அதுவும் ஓர் அனுமானம்தான். ஆனால் R-இல் மாறிகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கணக்கிடும் `lm` இதைத் தானாகவே செய்துவிட்டு, `(180 observations deleted due to missingness)` என்று `summary`-யின் அடியில் ஒரு வரி போட்டு முடித்துக்கொள்ளும். அந்த வரி அறிக்கைக்குள் வருவதே இல்லை.

அப்படியானால் எல்லாக் காலியிலும் சராசரியைப் போட்டுவிடலாமா? கூடாது. மொத்தச் சராசரியை 180 இடங்களில் போட்டால் சராசரி நகராது, பரவல் மட்டும் சுருங்கும். கூடவே கணினி 1,000 பேரிடம் பதில் வாங்கியதாக நம்பிக் கணக்குப் போடும். விளைவாக, பிழை வரம்பு உண்மையில் இருக்க வேண்டியதில் ஏறக்குறைய 82 சதவீதமாகக் குறைந்து தெரியும். இல்லாத உறுதி காகிதத்தில் ஏறிவிடுகிறது. இதற்காகத்தான் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் மல்டிபிள் இம்ப்யூடேஷனைக் கொண்டுவந்தார். ஒரே எண்ணைப் போடாமல், ஒத்த வீடுகளைப் பார்த்து இருபது முறை வெவ்வேறாக நிரப்பி, இருபது கோப்பிலும் கணக்குப் போட்டு, விடைகள் தங்களுக்குள் எவ்வளவு மாறுகின்றன என்பதையும் பிழையோடு சேர்ப்பது. R-இல் `mice` என்ற தொகுப்பு இதைச் செய்கிறது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. நகரம், வீட்டு வகை, படிப்பு எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு வீடுகளில், வருமானம் கூடியதே மறுப்பதற்குக் காரணமாக இருந்தால் இந்த முறையும் குறைத்துத்தான் சொல்லும். அப்படி நடக்கிறதா என்பதைக் கையில் இருக்கும் தரவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. செய்ய முடிந்தது, நிரப்பிய எண்களை வேண்டுமென்றே 20 சதவீதம் உயர்த்தி மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் சராசரி சுமார் 19,600 ஆகும். 98 போட்டவர்களுக்கு உயர்த்தாமல் 99 போட்டவர்களுக்கு மட்டும் உயர்த்தலாம். அதற்குத்தான் அந்தக் குறியீடுகளைக் காப்பாற்றி வைக்கச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். அதே தரவில், வருமானம் கூடினால் பள்ளிச் செலவு எவ்வளவு கூடுகிறது என்று ரிக்ரெஷன் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பதற்குக் காரணம் வருமானம் மட்டும்தான், ஒரே வருமானம் உள்ள வீடுகளுக்குள் பள்ளிச் செலவுக்கும் மறுப்புக்கும் தொடர்பில்லை என்றால், காலி வரிகளை நீக்கிவிட்டுப் போடும் கணக்கு சரியாகவே வரும். வீடுகள் குறைவதால் பிழை வரம்பு கொஞ்சம் அகலும், அவ்வளவுதான். அங்கே நிரப்பினால்தான் தவறு உள்ளே வரலாம். ஆகையால் ஒரே அறிக்கையில் ஒரு அட்டவணைக்கு நிரப்பியும் இன்னொன்றுக்கு நீக்கியும் தருவதில் முரண் இல்லை. ஏன் என்று எழுத வேண்டும்.

எழுதுவதில்தான் இழுபறி. அறிக்கை கேட்பவர்கள் ஒரே எண்ணைத்தான் கேட்பார்கள், மற்றதைப் பின்னிணைப்பில் தள்ளச் சொல்வார்கள். நிரப்பிய முறையின் விவரம், எத்தனை முறை, எந்தெந்தக் கேள்விகளை வைத்து என்பதெல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும், சரி. அட்டவணைக்குக் கீழே மட்டும் இது இருந்தாக வேண்டும் என்று நான் விடாமல் கேட்பேன்:

“வருமானத்துக்குப் பதில் வராதவை: கிராமம் 60/600, நகரம் 120/400. இவை பகுதி, வீட்டு வகை, குடும்பத் தலைவரின் படிப்பு ஆகியவற்றைக் கொண்டு 20 முறை நிரப்பப்பட்டன. சராசரி 18,800 ரூபாய். காலி வரிகளை நீக்கினால் 18,100. பதில் சொல்லாதவர்களின் வருமானம் கணித்ததைவிட 20 சதவீதம் அதிகம் என்று கொண்டால் 19,600.”

கவனித்து மட்டும் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஸ்ட்ரோப் வழிகாட்டியும் ஒவ்வொரு மாறிக்கும் எத்தனை பேரின் தரவு இல்லை, அதை எப்படிக் கையாண்டீர்கள் என்றுதான் கேட்கிறது. எந்த எண்ணை முதன்மையாகத் தருவது என்பதை விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். மூன்றையும் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால், பிடித்த எண்ணைத்தான் கை எடுக்கும்.

இரண்டு வருடம் கழித்து அதே ஊர்களில் அடுத்த சுற்று நடக்கும்போது இந்தக் குறிப்பு மறுபடி தேவைப்படும். நகரத்தில் காலி 30 சதவீதத்திலிருந்து 40 ஆகியிருந்தால், யாருடைய வருமானமும் மாறாமலே, நீக்கிப் போட்ட சராசரி இறங்கித் தெரியும். முதல் அறிக்கையில் அந்த 30 இல்லாவிட்டால், இறங்கியது வருமானமா, பதில் சொன்னவர்களின் எண்ணிக்கையா என்று யாராலும் சொல்ல முடியாது.