"மோட்டார் ஓடுது, தண்ணி வரல": முதல் ஆயிரம் பேரைச் சேர்த்த அனுபவம்

பல்லடம் பக்கம் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. போன வருசம் பொங்கலுக்கு யூடியூப் சேனல் ஆரம்பிச்சேன். காங்கேயம் காளை ஒரு வீடியோ, அந்தியூர் குதிரைச் சந்தை ஒண்ணு, அரிசியும் பருப்பும் சாதம் ஒண்ணு, நடுவுல கடையில பிரிச்சுப் போட்ட போர் மோட்டார் ஒண்ணு. ஏழு மாசத்துல 16 வீடியோ, 83 சப்ஸ்கிரைபர். அதுல பாதி பங்காளிகளும் மாமன் மச்சான்களும்.

காளைக்காக வந்தவன் மோட்டார் வீடியோவத் தொடமாட்டான். மோட்டாருக்கு வந்தவனுக்குச் சோறு எதுக்கு? ஒவ்வொரு வீடியோவுக்கும் புதுசா ஆள் தேட வேண்டியிருந்துச்சு.

ஒரு நாள் ராத்திரி யூடியூப் ஸ்டுடியோவத் திறந்து, பார்வை எங்கிருந்து வந்திருக்குன்னு வீடியோ வீடியோவா பார்த்தேன். மத்ததெல்லாம் நான் வாட்ஸ்அப்ல அனுப்பி வந்தது. மோட்டார் வீடியோவுக்கு மட்டும் பாதிக்கு மேல யூடியூப் தேடல்ல இருந்து. அதத் தொட்டா ஜனங்க என்ன அடிச்சுத் தேடினாங்கங்கிறதே வரும்:

```
motor odudhu thanni varala
starter nikka matengudhu
bore motor amps kammi
```

இது அப்படியே கடைக்கு வர்ற போன்கால். "ஏனுங்க தம்பி, மோட்டாரு ஓடுது, தண்ணி மட்டும் வர மாட்டேங்குதுங்க" என்பார் ஒருத்தர். ஆனா என் வீடியோவுக்கு நான் வெச்ச தலைப்பு "நீர்மூழ்கி மோட்டார் பழுது நீக்கும் முறைகள் - பாகம் 1". தண்ணியில்லாம வாழை வாடிட்டு நிக்கிறவர் இப்படியா தேடுவார்?

விசயத்தை த்ரீ ஃபேஸ் போர் மோட்டார், ஸ்டார்ட்டர் பேனல், இவ்வளவோட நிறுத்திக்கலாம்னு முடிவு பண்ணினேன். அதுக்கு முன்னால ஒரு சோதனை. கடை நோட்டுல ஒரு மாசம், போன்ல வந்த ஒவ்வொரு கேள்வியையும் அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். முப்பது வேற வேற கேள்வி தேறினா இறங்கலாம், இல்லேன்னா வேண்டாம்னு கணக்கு. 41 வந்துச்சு.

முதல் வீடியோ டிரான்ஸ்ஃபார்மர் மாத்தின மறுநாள் ஒரு தோட்டத்துல எடுத்தது. லைன் மாத்தினப்ப ஃபேஸ் வரிசை மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்துது. சத்தம் வழக்கம்போல, தண்ணி மட்டும் பேருக்கு ஒழுகுது. மெயினை ஆஃப் பண்ணி, மோட்டாருக்குப் போற மூணு ஒயர்ல ஏதாவது ரெண்டை இடம் மாத்தினா போதும். இதுக்கு முதல்ல வெச்ச தலைப்பு "ஃபேஸ் சீக்வென்ஸ் என்றால் என்ன?" ரெண்டு வாரத்துல, கண்ணுல பட்ட நூறு பேர்ல ரெண்டு பேர்தான் தொட்டாங்க. "மோட்டார் ஓடுது, தண்ணி வரலையா? ரெண்டு ஒயர்தான் காரணம்"னு மாத்தினேன். அடுத்த பத்து நாள்ல நூத்துக்கு ஆறு. தலைப்புக்கு 100 எழுத்து வரைக்கும் இடம் இருந்தாலும் போன்ல முன்பாதிதான் தெரியும், அதனால தொந்தரவு முன்னால, சேனல் பேரும் பாகமும் வேண்டவே வேண்டாம். இங்கிலீஷ் எழுத்துல தேடுறவங்களுக்காக அவங்க அடிச்ச வரியை அப்படியே விளக்கக் குறிப்புல சேர்த்துட்டேன்.

ஆனா அந்தத் தலைப்புலயும் ஒரு பொய் இருந்துச்சு. தண்ணி வராததுக்கு ரெண்டு ஒயர் மட்டுமா காரணம்? தண்ணி மட்டம் கீழ போயிருக்கலாம், பைப் ஓட்டையா இருக்கலாம், மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற கப்ளிங் உடைஞ்சிருக்கலாம். ஒருத்தர் கமெண்ட்ல நல்லா கேட்டு விட்டார். பார்வையாளர் வரைபடமும் முதல் நிமிசத்துலயே சரிஞ்சு கிடந்துச்சு. "ஒரு காரணம் ரெண்டு ஒயர்"னு திருத்தினேன். தொடுறவங்க கொஞ்சம் குறைஞ்சாங்க, பார்க்கிற நேரம் கூடுச்சு.

இப்ப வேற சிக்கல். பார்வை ஏறுது, சப்ஸ்கிரைபர் ஏறல. விவசாயிக்கு மோட்டார் வருசத்துக்கு ஒருக்கா மக்கர் பண்ணும். பார்த்தார், சரி பண்ணினார், போயிட்டார். எந்த வீடியோ எத்தனை சப்ஸ்கிரைபர் தந்துச்சுன்னு ஸ்டுடியோ காட்டும். அதுல மேல நின்னது, பார்வை ரொம்பக் குறைவான ஒண்ணு: 14 ஆம்ப்ஸ் எடுத்துட்டிருந்த மோட்டார் 8 எடுத்தா, மேல தூக்கறதுக்கு முன்னால என்னென்ன பார்க்கணும்ங்கிறது. கமெண்ட் போட்டவங்க பூரா வயர்மேன் பசங்க. அவங்களுக்கு இது தினப்படி வேலை.

அதுக்கப்புறம் ரெண்டு வகை. விவசாயி தேடி வர்றதுக்கு ஒண்ணு, அதோட கடைசித் திரையில வயர்மேனுக்கு ஒண்ணு: "ஆம்ப்ஸ் கம்மி: கப்ளிங்கா, மட்டமா? கிளாம்ப் மீட்டர்ல கண்டுபிடிக்கிறது". 83 பேர் 400 ஆக நாலு மாசம், அங்கிருந்து ஆயிரத்துக்கு ரெண்டே மாசம்.

விளம்பரக் காசுக்கு ஆயிரம் பேரோட, ஒரு வருசத்துல 4000 மணி நேரம் பார்த்திருக்கவும் வேணும். என் வீடியோ எல்லாம் நாலு நிமிசம், இன்னும் 1900ல நிக்குது. அடுத்த வாரம் ஒரு போர் மோட்டாரை மேல தூக்கறதுல இருந்து திரும்ப இறக்கற வரைக்கும் முழுசா எடுக்கப் போறேன். தலைப்பு இன்னும் அமையல, நோட்டைப் புரட்டிட்டு இருக்கேன்.